இல்லாத பெட்டி

மூன்றாவது முறையும் எல்லாப் பெட்டிகளும் கழித்தல் குறியில் முடிந்தன. எனக்குக் கோபம்கூட வரவில்லை, சலிப்புதான் வந்தது.

மராத்தி ஊரான போசரியில், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் செய்யும் கம்பெனி எங்களுடையது. அதை அனுப்பும் அட்டைப்பெட்டியை மாற்றி வடிவமைக்கத்தான் என்னை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். மாத இறுதியில் ஒப்பந்தம் முடிகிறது. ஒரு வடிவமாவது தேறினால் நீட்டிப்பு, இல்லையென்றால் கோயம்புத்தூருக்கு டிக்கெட்.

எங்கள் மேலாளர் சுனிலுக்குப் பியூ மேட்ரிக்ஸ் என்கிற ஒப்பீட்டு அட்டவணை என்றால் உயிர். இப்போதைய பெட்டிதான் அடிப்படை. அதன் கட்டங்களில் எல்லாம் பூஜ்யம். விலை, கீழே விழுந்தால் தாங்குவது, பேக் செய்யும் நேரம், லாரியில் எத்தனை ஏறும், மறுசுழற்சி என்று ஒவ்வொரு வரிசையிலும் புதிய வடிவம் அதைவிட மேலானால் கூட்டல், மோசமானால் கழித்தல், சமமென்றால் பூஜ்யம். கடைசியில் கூட்டிப் பார்க்க வேண்டும். என் மூன்று வடிவங்களும் விலையில் தோற்றன. காகிதக்கூழ் மூலை வைத்த ‘பி’ நேரத்திலும் தோற்றது. விழுந்தால் தாங்குவதில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, எல்லாம் சமம். இருக்கிற பெட்டியில் வாடிக்கையாளரிடமிருந்து உடைந்து திரும்பி வருவதே அபூர்வம் என்பது சுனிலின் கணக்கு. அவ்வளவு மலிவாக அவ்வளவு நல்ல பெட்டியை எந்த மகராசன் செய்தான் என்று அதைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

வேறு வழி தெரியாமல் ஸ்டோரிலிருந்து பழைய பெட்டி ஒன்றை எடுத்து, வரைபடத்தில் உள்ளபடி பேக் செய்து, நானே கீழே போட்டுப் பார்த்தேன். அதுவரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. திரும்பி வரும் கணக்கு கையில் இருக்கும்போது எதற்கு என்று விட்டிருந்தோம். முதல் விழுதலிலேயே இயந்திரத்தின் மூலை விரிந்துவிட்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிஸ்பேட்ச்சுக்குப் போனேன். அங்கே சூப்பர்வைசர் அமல்ராஜ் குனிந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். நாலு துண்டு வெட்டி, நாலு மூலையிலும் செருகிவிட்டு டேப் ஒட்டினார். வரைபடத்தில் அந்தத் துண்டுகள் கிடையாது.

“இது எப்ப இருந்து?”

“அது ஆச்சு மேடம், ரொம்ப நாளு. சும்மா அனுப்பிச்சா எல்லாம் உடைஞ்சி வருது, கஸ்டமர் கத்துறான். அட்டைய டிஸ்பேட்ச் செலவுல வாங்கிக்கிறேன். எழுதிடாதீங்க. டிராயிங்ல இல்லாதத போட்டேன்னு மெமோ குடுப்பான்.”

அப்போதுதான் கணக்கு புரிந்தது. விலையும் நேரமும் வரைபடப் பெட்டிக்கு. உடையாத பெயர் அமல்ராஜ் பெட்டிக்கு. இரண்டையும் ஒட்டி, உலகத்தில் இல்லாத ஒரு பெட்டியோடு என்னை மோதவிட்டிருக்கிறார்கள். அதை எவனாலும் ஜெயிக்க முடியாது.

சொன்னால் இவருக்கு மெமோ. சொல்லாவிட்டால் நான் வீட்டுக்கு. இரவு முழுக்கப் புரண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் களைப்பில் தூங்கிவிட்டேன்.

மறுநாள் கூட்டம். டிஸ்பேட்ச் சார்பில் அமல்ராஜும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கழித்தல்களைத் திரையில் காட்டி, “பார்கவி, பழைய பெட்டியே போதும்னு முடிச்சுடலாமா?” என்று இந்தியில் கேட்டார் சுனில். அவர் குரலிலும் அலுப்புதான். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

அமல்ராஜ் எழுந்து போய் நாலு அட்டைத் துண்டுகளை மேசையில் வைத்தார். “சார், பெட்டிக்குள்ள இதுவும் போகுது. நான்தான் போடுறேன்,” என்றார் இந்தியில்.

பிறகு எல்லாம் விறுவிறு என்று நடந்தது. அட்டையின் விலையையும் வெட்டும் நேரத்தையும் அடிப்படையில் சேர்த்து மறுபடி நிரப்பினோம். ‘பி’க்கு விலையில் கூட்டல், நேரத்தில் கூட்டல், மற்றவை சமம். மொத்தம் கூட்டல் இரண்டு. மற்ற இரண்டும் பூஜ்யத்தில் நின்றன. சுனில் எனக்குக் கைகொடுத்தார். அதே மூச்சில், வரைபடத்தை மீறியதற்கான விலகல் அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார், பொறுப்பாளர் பெயரோடு.

வெளியே வந்ததும் அமல்ராஜிடம் கேட்டேன். “ஏன்ணா சொன்னீங்க?”

“பெரிய தியாகம்னு நெனைக்காதீங்க மேடம். நீங்க போனா இன்னொருத்தன் வருவான், அவனும் இதே பொட்டியோட மல்லுக்கட்டுவான். எனக்கு அட்ட வெட்டி வெட்டி தோள்பட்ட போச்சு, அவ்ளோதான்.”

அறிக்கையை அன்றே எழுதி அமல்ராஜிடம் நீட்டினேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் எழுந்திருக்காவிட்டால் நான் வாய் திறந்திருப்பேனா, அவரைக் காட்டிக்கொடுத்திருப்பேனா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், திறந்திருப்பேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.