பழைய ரேடியோ மேல் வந்த புகார்

ஊரார் திட்டை எல்லாம் உட்கார்ந்து படிப்பதுதான் அக்காவுக்கு வேலை. இணையத்தில் ஒரு பதிவைப் பற்றி யாராவது புகார் செய்தால் அது அவள் திரைக்கு வரும். இருக்கட்டுமா, தூக்கலாமா என்று அவள் முடிவு சொல்ல வேண்டும்.

தம்பிக்கு செல்போன் ரிப்பேர் கடை. ஆனால் உயிர் எல்லாம் தன் சினிமா நாயகனுக்காக இணையத்தில் அவன் நடத்தும் ரசிகர் பக்கத்தில். அதன் மேல் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை. இன்னொன்று விழுந்தால் பக்கமே காலி. வெள்ளிக்கிழமை அந்த நாயகனின் படம் வேறு வருகிறது.

"நீ உள்ளதானே இருக்க, கொஞ்சம் பாத்துக்கக்கா."

"பாத்தா என் சீட்டு கிழிஞ்சிடும்டா. நீ வாயை அடக்கு, போதும்."

எதிரணி நாயகனுக்குத் தம்பி கூட்டம் வைத்த பெயர் 'தெர்மாக்கோல்'. படத்தில் அவர் தூக்கி எறியும் பாறையைப் பற்றிய கிண்டல். நடிப்பைத்தானே கேலி செய்கிறார்கள், விதிப்படி விட்டுவிடலாம். தம்பியின் நாயகனுக்கு எதிரணியினர் வைத்தது 'பழைய ரேடியோ'. அவருக்குப் பேச்சு திக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் அதிலுள்ள குத்து புரியும். உடல்குறையை வைத்துக் கேலி செய்தால் தூக்க வேண்டும்.

மறுநாள் காலை அவள் திரையில் 'பழைய ரேடியோ' என்ற பதிவு வந்தது. முந்நூற்றுச் சொச்சம் புகார். பக்கத்தின் பெயரைப் பார்த்தாள். தம்பியின் பக்கம்! சொந்தக்காரர் பதிவைத் தொடக் கூடாது. காரணம் எழுதி வேறொருவருக்கு மாற்றிவிட்டாள். அது போய்ச் சேர்ந்தது பக்கத்து மேஜைக்காரரிடம். அவரோ தெர்மாக்கோல் நாயகனின் படம் எதற்கும் முதல் காட்சி தவறவிடாதவர்.

"போச்சுடா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் பதிவைக் கடைசிவரை படித்தார். எதிரணிக்காரன் எழுதிய 'பழைய ரேடியோ' வரியை மேலே போட்டு, கீழே "பேச்சு திக்கினா என்னய்யா? இப்படிக் கேலி பண்றவங்களுக்கு வெக்கமில்லையா?" என்று எழுதியிருந்தது. எந்த ஆளையும் பெயர் சொல்லித் திட்டவில்லை.

"கண்டிக்கத்தானே எடுத்துப் போட்டிருக்கான். இருந்துட்டுப் போகட்டும்."

"அத்தனை புகார் இருக்கே?" அக்காவால் அடக்க முடியவில்லை.

"ஒண்ணு வந்தாலும் ஆயிரம் வந்தாலும் படிக்கிறது ஒரே பதிவுதானேம்மா. நம்ம ஆளோட பாறை தெர்மாக்கோல்தான், அது வேற விஷயம்."

மாலையில் அக்கா வீட்டுக்குள் நுழையும்போதே தம்பி குதித்துக்கொண்டிருந்தான்.

"பக்கம் தப்பிச்சுதுக்கா! அந்தத் தெர்மாக்கோல் பசங்க கும்பலா சேந்து..."

அவன் கைப்பேசியில் ரசிகர் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. 'தலைவரே, நீங்க சொன்ன மாதிரி பழைய ரேடியோன்னு எங்க பாத்தாலும் புகார் அடிச்சிட்டோம். இதான் முதல் வேட்டை.' கீழே படம். அவனுடைய அதே பதிவு.

அக்கா சோபாவில் விழுந்து சிரித்தாள். "எதிரியே வேணாம்டா உனக்கு!"

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் எழுதினான்: 'பழைய ரேடியோன்னு இருந்தா, யார் எழுதினதுன்னு பாருங்க. முழுசா படிங்க. அப்புறம் புகார் அடிங்க.'

உடனே பதில் வந்தது. 'இதையும் அடிச்சாச்சு தலைவரே!'