பகல் பத்து மணிக் கனவு

டிரேவர் தன் படத்துக்காக எழுதிக்கொண்டு வந்த கனவைப் படித்ததும் எனக்கு வந்த எரிச்சலில் காகிதத்தை அவன் மடியிலேயே திருப்பிப் போட்டேன். கடற்கரை, புகை, வெள்ளை ஜிப்பாவில் அவன் அப்பா, கையில் ஒரு புறா. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்து, கடலைச் சரியாகப் பார்த்தே இராத குடும்பத்துக்கு எதற்கடா கடற்கரை என்று கேட்டேன். கனவுதானேக்கா, எது வேணா வரலாமே என்றான். எது வேண்டுமானாலும் வரலாம் என்றால் எதுவும் வரத் தேவையில்லை என்று அர்த்தம். சொன்னால் புரிந்துகொள்ளும் வயசுதான், ஆனால் அன்றைக்குப் புரியவில்லை.

2003இல் அவன் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாண வீடியோ எடுக்கும் சிரிலிடம் கேமரா இரவல் வாங்கிப் பதினைந்து நிமிடப் படம் ஒன்று எடுக்கக் கிளம்பியிருந்தான். கணவனை இழந்த ஒரு பெண்ணின் ஒரு பகல், அவ்வளவுதான் கதை. அவன் வீட்டிலேயே எடுப்பது, அவன் அம்மா ஜோசஃபின் ஆன்ட்டியே நடிப்பது. நான் விளம்பரக் கம்பெனியில் கன்னட விளம்பரங்களைத் தமிழாக்குகிறவள். எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் நாடகங்களையும் எழுதுவேன். அந்தத் தைரியத்தில் திரைக்கதையைத் திருத்த என்னைக் கூப்பிட்டிருந்தான்.

ஆன்ட்டி நடிக்கச் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். படத்தில் அங்கிள், டிரேவரின் அப்பா, வர வேண்டும். அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தன் தங்கச்சியின் கனவில் வந்தார், எதிர்வீட்டு சாந்தகுமாரியின் கனவில் வந்தார், எந்த உறவும் இல்லாத சிரிலின் கனவில்கூட வந்து டீ குடித்துவிட்டுப் போனார். ஆன்ட்டியிடம் மட்டும் வரவில்லை. தன்மேல் கோபமாகத்தான் போயிருக்கிறார் என்று ஆன்ட்டி முடிவு செய்துவிட்டார். சரியாகத் தூங்குவதும் இல்லை. “படத்துலயாவது ஒரு வாட்டி வரட்டும்க்கா, மம்மி ஒடஞ்சி போயிட்டாங்க” என்றான் டிரேவர். அதைக் கேட்டபின் நான் எப்படி மறுப்பேன்?

அதனால் கனவை நானே எழுத உட்கார்ந்தேன். சிரில் வந்து, திரை தண்ணீர் மாதிரி நெளிகிற எஃபெக்ட் தன்னிடம் இருக்கிறது, சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணினால் போதும் என்றான். அது கல்யாண ஆல்பத்துக்கு, வாயை மூடு என்றேன். மற்றதெல்லாம் நிஜம்போல ஓடுகிற படத்தில் கனவு மட்டும் மணியடித்துக்கொண்டு வரக்கூடாது. இந்தப் பெண், இந்தப் பகலில், ஏன் இந்தக் கனவைக் காண வேண்டும்? அன்று காலை அவள் தொட்டது, கேட்டது, சொல்லாமல் விழுங்கியது எல்லாம்தான் கனவில் வேறு முகத்தோடு திரும்பி வர வேண்டும். விழித்தபின் அவள் முன்பு செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் அந்தக் கனவை வெட்டி எறிந்தாலும் படத்துக்குக் குறையிராது.

இவ்வளவும் பேசிவிட்டு நான் எழுதியது என்ன தெரியுமா? மேஜையில் பீன்ஸ் நறுக்கியபடியே கண்ணயர்கிறாள். கணவன் கட்டிலில் படுத்திருப்பதாகக் கனவு. குக்கர் விசிலடிக்கிறது, திடுக்கிட்டு விழிக்கிறாள். ஊரில் உள்ள எல்லாரும் எழுதுகிற அதே விசில்.

ஒரு சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ஆன்ட்டி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவர் வழக்கப்படியே, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்.

“எங்க வீட்ல பகல்ல குக்கர் விசில் வராதும்மா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கிள் ஒரு பத்திரிகை அச்சகத்தில் மெஷின் ஆபரேட்டர். ராத்திரி முழுக்க வேலை, விடிகிற நேரத்தில் வீடு, மதியம்வரை தூக்கம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பகல் என்பது ரகசியம் பேசுகிற நேரம். பாத்திரத்துக்கு அடியில் துணி, குழாய்க்கு அடியில் துணி, விசில் வருமுன் அடுப்பைக் குறைக்கிற கை. டிரேவர் சத்தமாக அழுதே வளராத பிள்ளை. அவர் போன பிறகும் ஆன்ட்டி பாத்திரத்துக்கு அடியில் துணி போட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் அதை எத்தனையோ முறை பார்த்தும் பார்க்காதவளாக இருந்திருக்கிறேன்.

அப்படியானால் கனவில் என்னதான் கேட்கும் ஆன்ட்டி என்று கேட்டேன். அவர் டிரேவரை டீத்தூள் வாங்கிவர அனுப்பினார். அவன் கேட்டைத் தாண்டியதும் சொன்னார்.

“அவர் போன அன்னிக்குப் பத்து மணிக்கு டவல் எடுக்க உள்ள போனேன். அவர் கை கட்டிலுக்கு வெளிய தொங்கிட்டிருந்துச்சு. எடுத்து மேல வெச்சேன். சில்லுனு இருந்துச்சு, ஃபேன் காத்துன்னு நினைச்சேன். போர்வையை இழுத்துப் போத்திட்டு, சத்தம் வராம கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எழுப்பப் போனேன். கேட்டுல ஒட்டின சாவு நோட்டீஸ்ல கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்னு போட்டிருந்தாங்க. நித்திரைன்னு நினைச்சுதானம்மா நான் விட்டேன்.”

ஆறுதலாக ஏதோ உளறினேன், அது அவர் காதில் ஏறவில்லை. டிரேவரிடம் நானே சொல்லிடுறேன் என்றார். அன்று சாயங்காலமே சொல்லியும் விட்டார்.

அதன்பிறகு கனவு தானாக அமைந்தது. முதல் காட்சியில் குழாய்க்கு அடியில் துணி போடுகிறாள், அடுப்பைக் குறைக்கிறாள். வீட்டில் யாரும் இல்லை, பின் யாருக்காக என்று பார்க்கிறவர்கள் யோசிக்கட்டும். பிறகு மேஜை, பீன்ஸ், தெருவில் பஸ் ஹாரன். கண் மூடுகிறது. புகையும் இல்லை, நெளிவும் இல்லை, நேரே வெட்டி அதே மேஜை, அதே வெளிச்சம், அதே கேமரா இடம். ஆனால் ஒரு சத்தமும் இல்லை. குழாய் முழுக்கத் திறந்து ஓடுகிறது, சத்தமில்லை. எழுந்து அறைக்குப் போகிறாள். கட்டிலில் போர்த்திய உருவம், தொங்குகிற ஒரு கை. அவள் கூப்பிட வாய் திறக்கிறாள், குரல் வரவில்லை. வெட்டு. மேஜை, ஹாரன், விழிப்பு. முகம் காட்ட வேண்டாமா என்று ஆன்ட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வேண்டாம், போர்த்தி வைத்துவிட்டுத்தானே வந்தேன் என்றார்.

விழித்தபின் அவள் என்ன செய்வாள் என்பது மட்டும் எனக்கு எழுத வரவில்லை. அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டேன். இவ்வளவு வாய் பேசுகிற எனக்கு அங்கே ஒரு வரி இல்லை.

படப்பிடிப்பன்று கட்டிலில் சிரில் படுத்தான், கை மட்டும் தெரிகிறமாதிரி. கனவை எடுத்து முடித்தோம். டிரேவர் கேமராவுக்குப் பின்னால் நின்று, எழுந்ததும் உங்களுக்குத் தோன்றியதைச் செய்யுங்கள் மம்மி என்று சொன்னான். கட்டில் இப்போது காலி, மேலே போர்வை மட்டும்.

ஆன்ட்டி மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார். நேராக அறை வாசலுக்குப் போய் நின்றார்.

“என்னங்க! மணி பத்தாச்சு! எந்திரிங்க!”

அப்படி ஒரு குரல் அவரிடம் இருக்கிறது என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. பெற்ற பிள்ளைக்கே தெரியாது. டிரேவர் கேமராவை நிறுத்தவில்லை. ஆன்ட்டி இன்னொரு முறை கூப்பிட்டார், அதைவிடச் சத்தமாக. எதிர்வீட்டு சாந்தகுமாரி பயந்துபோய் கேட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் ஆன்ட்டி நின்றார். பிறகு உள்ளே போய்ப் போர்வையை உதறி மடித்தார். அந்தக் காட்சியை எங்கேயும் வெட்டக் கூடாது என்று சிரிலே சொன்னான்.

மூன்று வாரம் கழித்து ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்கலாமா கூடாதா என்று எனக்குள் ஒரே போராட்டம், கடைசியில் கேட்டேவிட்டேன். அங்கிள் கனவில் வந்தாரா ஆன்ட்டி?

“வரலம்மா” என்றார். “ஆனா நான் தூங்குறேன்.”