மச்சான் அடைத்த மூச்சு

மார்ச் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருந்த பட்டறைக்கு அந்த லாரி மூன்றாம் முறையாக வந்தது. இரண்டு தடவை எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான பினியன் சீலை மாற்றியும், பின் ஆக்ஸில் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் கியர்ப்பெட்டியில் ஆயில் ஒழுகியது.

“இனியும் ஒழுகினா எதிர்ப் பட்டறைக்குப் போயிடுவேன், மாப்ளே,” என்றார் லாரிக்காரர், மெக்கானிக்கின் அக்கா கணவர்.

சொந்தக்காரரே போனால் தொழிலில் மானம் மிஞ்சாது. மெக்கானிக் அடியில் படுத்து, ஆக்ஸில் மேலிருந்த பிரீதரை, அந்தச் சின்னக் காற்றுக்குழாயைத் தடவினார். அதன் வாயில் பசை கல்லாய் இறுகியிருந்தது.

“மச்சான், இதை யாரு அடைச்சா?”

“நான்தான். மழைத்தண்ணி இறங்குமேன்னு!”

“ஆயில் சூடானா உள்ளே காத்து விரியும். வழியில்லாம சீலைப் பிதுக்கிக்கிட்டு வருது. உங்க மூக்கை அடைச்சா சும்மா இருப்பீங்களா?”

பசையைச் சுரண்டியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. பிரீதரும் சீலும் புதிதாகப் போட்டார். அடுத்த மூன்று மாதம் சொட்டுக்கூட ஒழுகவில்லை.