மூணாவது கட்டடத்துச் சான்றிதழ்

ஆடிட்டர் அம்மாள் காகிதங்களை மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"பாதிக்கு மேல இல்லையேம்மா."

"வீட்டுல இருந்தது இவ்வளவுதான்."

"உங்க வீட்டுக்காரருக்குக் கணக்குப் பார்த்தவர் ஒருத்தர் இருந்திருப்பாரே?"

"இருக்கார். வேற ஊர்ல. மகன் வீட்டோட போயிட்டார். எல்லாம் போன்லதான் பேசிப்பாங்க."

"அவர்கிட்டக் கேளுங்க. பேப்பர்லாம் அனுப்புங்கன்னு பொத்தாம்பொதுவா கேட்காதீங்க, அப்படிக் கேட்டா கைக்கு வந்ததை அனுப்பிட்டுச் சும்மா இருந்துடுவாங்க. எது வேணும், எந்தக் காலத்துக்கு வேணும்னு ஒண்ணொண்ணா எழுதுங்க. நான் சொல்றேன், குறிச்சுக்கோங்க."

அவள் குறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. சொன்னதைச் சொன்னபடி எழுதுவது பழக்கம். வலது கை என்று எழுதியிருந்தால் வலது கைதான். கணவன் இறந்த பிறகு இந்தப் பழக்கம்தான் அவளை நடத்திக்கொண்டு போனது. சான்றிதழ் வாங்கு என்றார்கள், வாங்கினாள். வாரிசு மனு போடு என்றார்கள், போட்டாள். அழு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அவன் லிப்ட் பழுது பார்ப்பவன். மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களின் லிப்ட்டுகளை வருட ஒப்பந்தத்தில் கவனித்து வந்தான். ஒரு நாள் காலை பல் தேய்க்கப் போனவன், குழாயை மூடாமலே விழுந்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

கணக்கரின் எண் அவன் போனில்தான் இருந்தது. மதிய இடைவேளையில், உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் அந்தப் போனைத் திறந்தாள். 'கணக்கு சார்' என்று பதிந்து வைத்திருந்தான். எண்ணைத் தன் போனுக்கு மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அதிலேயே தட்டச்சு செய்தாள்.

'வணக்கம் சார். இந்த வருட வருமான வரித் தாக்கலுக்கு இவை இல்லை. அனுப்பவும்.
ஒன்று: போன வருடம் தாக்கல் செய்த படிவத்தின் நகல், அதன் ஒப்புகைச் சீட்டு.
இரண்டு: வேன், சங்கிலிக் கப்பி இரண்டுக்கும் போன வருட முடிவு வரை போட்ட தேய்மானக் கணக்கு.
மூன்று: இந்த வருட முதல் நான்கு மாதங்களுக்கு இரும்புக் கயிறு, மோட்டார் உதிரி வாங்கிய பில்கள்.
நான்கு: முன்கூட்டிக் கட்டிய வரியின் ரசீதுகள், இதுவரை கட்டிய எல்லாத் தவணைக்கும்.
ஐந்து: வேன் கடனுக்கு இந்த வருடம் கட்டிய வட்டிக்கு வங்கி தந்த சான்றிதழ்.
ஆறு: மூன்றாவது கட்டடத்துக் குடியிருப்போர் சங்கம் பணம் தரும்போது பிடித்த வரிக்கான சான்றிதழ். மற்ற இரண்டு கட்டடத்துடையது கையில் இருக்கிறது.'

கீழே பெயர் போடவில்லை. போட வேண்டும் என்று நினைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'என்னய்யா லிப்ட்டு, உயிரோட இருக்கியா? எத்தனை மாசமாச்சு! இந்த வருஷம் வருமானம் மேலயா, கீழயா?'

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே அடுத்த நோயாளியின் சக்கர நாற்காலி வந்து நின்ற சத்தம் கேட்டது.

சாவுச் செய்தியை யார் யாருக்கோ சொன்னார்கள். சித்தப்பாவுக்கு, ஒன்றுவிட்ட அத்தைக்கு, கட்டடக் காவலாளிகளுக்குக்கூட. கணக்கர் ஞாபகம் யாருக்கும் வரவில்லை. வருடத்தில் இரண்டு தரம் வேலைக்கு ஆகிற மனிதர். சொந்தமா பந்தமா?

மேலே நகர்த்திப் பார்த்தாள். ஒவ்வொரு வருடமும் அதே கேள்வி. அதற்கு அவன் ஒவ்வொரு வருடமும் எழுதிய பதிலும் இருந்தது. அதை அப்படியே எழுதினாள்.

'நடுவுல மாட்டிக்கிச்சு சார்.'

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. 'பொறு. ஒண்ணொண்ணா எடுத்து அனுப்பறேன். ஆனா ஆச்சரியமா இருக்கு. நீ இவ்வளவு தெளிவாக் கேட்டதே இல்லையே. எந்த வாத்தியார் கிடைச்சார்?'

 பொய் சொல்கிறோம் என்ற எண்ணம்கூடப் பெரிதாக எழவில்லை. கதவைத் திறந்து சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

சாயங்காலத்துக்குள் முதல் நான்கும் வந்தன. ஐந்தாவதற்கு, 'அது பேங்க்ல நீயே கேட்டு வாங்கணும், என்கிட்ட எங்கே வரும்?' என்று எழுதியிருந்தார். ஆறாவதற்கு, 'சங்கத்துச் செயலாளரைப் பிடி. போன வருஷமும் அந்த ஆள் இழுத்தடிச்சார்.'

மறுநாளும் எழுதினார். மகன் வீட்டு மாடியில் துணி உலர்த்தப் போனால் மருமகள் கிளிப்பை எண்ணி வாங்குகிறாளாம். சர்க்கரை குறைந்திருக்கிறதாம். 'உன் வண்டி தேய்மானம் பார்த்தேன். வண்டி தேஞ்சதைவிட நீதான் தேஞ்சிருப்பே.' அவள் பழைய பதில்களிலிருந்து ஒரு சொல், இரண்டு சொல் எடுத்து எழுதினாள். 'ஆமா சார்.' 'சரி சார்.' 'உடம்பைப் பாத்துக்கோங்க.' அவனுக்கு ஒருவர் இன்னமும் சேதி அனுப்பிக்கொண்டிருந்தார். அதைப் படிக்கிற நேரத்தில் மட்டும் நெஞ்சில் எதுவோ ஒரு பக்கம் திரும்பிப் படுத்தது. மற்ற நேரமெல்லாம் மரக்கட்டைதான்.

மூன்றாவது நாள் மகள் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். 

"அம்மா... அப்பா நம்பர் ஆன்லைன்ல காட்டுதும்மா."

அவள் மேசைமேல் இருந்த அவன் போனைப் பார்த்தாள்.

"நேத்தும் காட்டுச்சு. யாரோ திருடிட்டாங்களோன்னு பார்த்தேன். இல்ல... என்னன்னு தெரியலம்மா. கிளாஸ்ல உட்கார முடியல. பாத்துக்கிட்டே இருந்தேன். டைப் பண்றார்னு வந்துடுமோன்னு."

"நான்தான்டி."

"நீயா? எதுக்கு?"

"வரிப் பேப்பர். கணக்கு சார்கிட்டக் கேட்க வேண்டியிருந்தது."

"அதுக்கு அப்பா போன்ல இருந்தா? உனக்குப் போன் இல்லையா?" மகள் கத்தினாள். பிறகு கத்தியதற்காக அழுதாள். "அவருக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரியாது."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சொல்லிடும்மா. பாவம்மா அவர்."

அன்றே கணக்கரிடமிருந்தும் ஒரு கேள்வி வந்திருந்தது. 'எட்டாவது மாசத்துல இருந்து ஒரு வரவும் காணோம். முன்கூட்டி வரியும் கட்டலே. தொழிலை விட்டுட்டியா, இல்ல என்னை விட்டுட்டு வேற ஆளைப் பிடிச்சிட்டியா? உண்மையைச் சொல்லு.'

அவள் தன் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள்.

"யாரு?"

"சார், நான் லிப்ட் மெக்கானிக்கோட மனைவி பேசறேன்."

"அடடே, வாம்மா! அவன் எங்க, பக்கத்துல இருக்கானா? கேட்டா ஒத்தை வார்த்தையில பதில் சொல்றான். கோபமா என் மேல?"

"அவர் இறந்துட்டார் சார். எட்டாவது மாசம். மாரடைப்பு."

"என்னம்மா சொல்றே? காலையிலகூட..."

"அது நான் சார். லிஸ்ட் அனுப்பினதும் நான்தான். பதில் எழுதினதும் நான்தான்."

 துண்டிக்கப்பட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"மூணு நாளா," என்றார் அவர் கடைசியில்.  "மூணு நாளா நான் செத்துப்போனவன்கிட்ட உயிரோட இருக்கியான்னு கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கேன். நீ பாத்துக்கிட்டு இருந்திருக்கே. ஏம்மா இப்படிப் பண்ணினே? நான் என்ன பாவம் பண்ணினேன் உனக்கு?"

"தப்புதான் சார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வந்து நின்னு ஒரு மாலை போட்டிருப்பேனே."

அவர் அழ ஆரம்பித்தார். வயதான மனிதர் வாய்விட்டு அழுவதை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கண் காய்ந்தே இருந்தது. ஆனால் முகம் சூடேறியது. வெட்கம். எத்தனையோ நாளுக்குப் பிறகு உடம்பில் ஒன்று தெரிந்தது, அது வெட்கமாக இருந்தது.

"அழுங்க சார்," என்றாள். "நான் வைக்க மாட்டேன். இருக்கேன்."

சிறிது நேரம் கழித்து அவர் மூக்கைச் சிந்தினார். தண்ணீர் குடிப்பது கேட்டது. பிறகு, வேறு என்ன பேசுவது என்று தெரியாத மனிதராய், தனக்குத் தெரிந்ததைப் பேசினார்.

"அப்ப இது வேற மாதிரி ரிட்டர்ன்ம்மா. கணக்கை அவன் போன தேதியோட வெட்டணும். அன்னிக்கு வரைக்கும் வந்தது அவன் வருமானம். அதுக்கப்புறம் அவன் பேங்க்ல ஏறின வட்டி அவன் கணக்குல வரக்கூடாது. உன் ஆடிட்டர் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நான் வாரிசாப் பதிவு பண்ணிட்டேன். இறப்புச் சான்றிதழ் குடுத்தாச்சு."

"அப்ப பேங்க்ல ஸ்டேட்மென்ட் வாங்கறப்போ அந்தத் தேதி வரைக்கும் தனியா, அதுக்குப் பிறகு தனியாக் கேளு. பொதுவாக் கேட்டா மொத்தமாக் கொடுத்துடுவான். வேன் கடன் வட்டியும் அதே மாதிரி ரெண்டாக் கேளு." டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "நான் முதல்லயே கேட்டிருக்கணும். அவன் எந்தக் காலத்துல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதினான்?"

வங்கியில் இரண்டு மதிய இடைவேளைகள் போயின. மூன்றாவது கட்டடத்துக்கு ஒரு சனிக்கிழமை போனாள். சங்கத்துச் செயலாளர் ஐந்தாவது மாடி. அவளை அவருக்குத் தெரியவில்லை.

"அதான் அவர் இப்ப வர்றதில்லையே. வேற கம்பெனிக்குக் குடுத்துட்டோமே," என்றார் வாசலிலேயே.

"அவர் இல்ல. காலமாயிட்டார். அவர் வேலை செஞ்ச மாசங்களுக்கு நீங்க பிடிச்ச வரிக்குச் சான்றிதழ் வேணும். நீங்க தராததால அது மட்டும் நிக்குது."

அவர் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஏனோ சட்டை போடாமல் பேச முடியவில்லை அவருக்கு. கணினியைத் திறந்து, தேடி, அச்செடுத்துக் கொடுத்தார். அவள் அங்கேயே நின்று பெயர், வரி எண், மாதங்கள், தொகை என்று விரல் வைத்துச் சரிபார்த்தாள். வரி எண்ணில் கடைசி எழுத்து தப்பு. திருத்தி மறுபடி எடுத்துத் தரச் சொன்னாள்.

"ஒரு எழுத்துதானே."

"ஒரு எழுத்து தப்பா இருந்தா அது வேற ஆள் சார்."

அவர் மறுபேச்சுப் பேசாமல் திருத்தினார்.

திங்கட்கிழமை ஆடிட்டர் அறையில் எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்டது. திரையில் அவன் பெயர். அதன் கீழே, தாக்கல் செய்பவர் என்ற இடத்தில் அவள் பெயர். உறவு: மனைவி. போனுக்கு வந்த ரகசிய எண்ணை அவள் படித்துச் சொன்னாள், ஆடிட்டர் தட்டினாள், ஒப்புகைச் சீட்டு அச்சானது.

"அவ்வளவுதாம்மா. திருப்பி எதுவும் கேட்டு நோட்டீஸ் வரலைன்னா, அவர் பேர்ல இனிமே எதுவும் போட வேண்டியதில்லை. அடுத்த வருஷத்துல இருந்து உங்களுது மட்டும்."

"சரிங்க."

படியில் இறங்கும்போது ஒப்புகைச் சீட்டைப் படம் எடுத்துத் தன் போனிலிருந்து கணக்கருக்கு அனுப்பினாள். பதில் சாயங்காலம்தான் வந்தது. கிண்டல் இல்லை. 'பார்த்தேன். எல்லாம் சரியா இருக்கு. பொண்ணு படிப்புக்கு ஏதாவது கேட்கணும்னா இந்த நம்பர்ல இருந்தே கேளும்மா.'

அவள் அதை மகளுக்கு அனுப்பினாள். மகள் உடனே கூப்பிட்டு, அந்த மூன்று நாளும் அவர் என்னவெல்லாம் எழுதினார் என்று கேட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, பையிலிருந்த அவன் போனைத் திறந்து, அவள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். துணிக் கிளிப்பை எண்ணி வாங்கும் மருமகளைப் பற்றிப் படித்தபோது மகள் சிரித்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் சிரித்ததைக் கேட்டு, அடுத்ததைப் படித்தாள்.