ஏழாம் நம்பர் வீட்டின் தரை

"பாய் வீட்டம்மா, உங்க வழக்க உங்களோட வச்சுக்கிடுங்க. எங்க வீட்டு வெலையில மண்ணள்ளிப் போடாதீக."

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டாம் நம்பர் அய்யம்மாள்தான் ஆரம்பித்து வைத்தாள். அவள் புருஷன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இருபது வருஷம் மருந்திலும் புகையிலும் நின்று வாங்கிய வீடு அது. சூலக்கரைக்கு அந்தண்டை ஒரே அச்சில் வார்த்தது போல நின்ற பதினாறு வீடுகளில், பக்கத்து வீடு சரியில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் தன் வீட்டை யார் மதிப்பார்கள் என்பது அவள் கவலை.

"எங்க தரை பொதையுதுன்னு நாங்க சொல்றோம். உங்க தரையப் பத்தி ஒரு வார்த்த சொன்னமா?" என்று கேட்டாள் குல்சார் பேகம்.

"பதினாறும் ஒரே ஆளு கட்டுனது. ஒண்ணச் சொன்னா எல்லாத்தையும் சொன்ன மாதிரிதான்."

"அதத்தான் நானும் யோசிக்கேன்" என்று சொல்லிவிட்டு குல்சார் உள்ளே போனாள்.

உள்ளே கூடம் நடுவில் குழிந்து போய்க் கிடந்தது. பீரோ முன்பக்கம் சாய்ந்து, அதன் காலுக்குக் கீழே மரத்துண்டு வைத்து முட்டுக் கொடுத்திருந்தது. டைல்ஸைக் கைமுட்டியால் தட்டினால் டொம்மென்று பானைச் சத்தம். வாசக்கால் நிலையைக் கரையான் முழங்கால் உயரத்துக்குத் தின்றிருந்தது. 2020 பிப்ரவரியில் சாவி வாங்கிய வீடு. நாலு வருஷம் ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் ஒரே கோடையில் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. பதிவுத் தபாலில் எழுதிப் போட்டார்கள். முப்பது நாள் காத்திருந்தார்கள். பில்டர் சங்கையா எட்டிப் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் பில்டர்கள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற ரெரா ஆணையத்தில் புகார்; அது கொடுத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. பத்திரம் குல்சார் பேரில் இருந்ததால் புகார்தாரரும் அவளே. இன்றைக்கு ஆணையம் அனுப்பிய இன்ஜினியர் பொன்மணி வந்து, தரையைத் திறந்து பார்த்து அறிக்கை எழுதப் போகிறாள். இந்த அறிக்கை சரியாக வரவில்லை என்றால் வீட்டை இடித்துக் கட்டவும் வழியில்லை, விற்கவும் வழியில்லை. இருந்த நகையெல்லாம் இந்தத் தரைக்குள்தான் போயிருந்தது.

சங்கையா வெள்ளைச் சட்டை கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஜெகபர் அலி, குல்சாரின் புருஷன், சிவகாசியில் அச்சாபீஸ்களிலிருந்து கழிவுப் பேப்பர் வாங்கி மில்லுக்கு லோடு அனுப்புகிறவர். காலையிலிருந்து அவர் கண் தரையை விட்டு எழவில்லை.

"மேடம், ஒண்ணு மொதல்லயே சொல்லிப்புடுதேன். அக்ரிமெண்டுல ஒரு வருஷம் கேரண்டின்னு தெளிவா போட்டுருக்கு. அஞ்சு வருஷங் கழிச்சு ஆடுனா நான் என்ன செய்ய?" என்றார் சங்கையா.

பொன்மணி கோப்பிலிருந்து நிமிரவில்லை. "அவங்க எழுதும்போது அஞ்சு வருஷம் ஆகல சார். சாவி குடுத்த தேதியில இருந்து நாலரை வருஷத்துலயே எழுதிக் குடுத்துட்டாங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள வேலைப்பாட்டுக் குறைன்னு சொன்னா, பைசா வாங்காம சரிசெய்யணும்னு சட்டம். அக்ரிமெண்டுல ஒரு வருஷம்னு எழுதிட்டா சட்டம் சுருங்கிப் போகாது. அத ஆணையம் பாத்துக்கிடும். எனக்கு உள்ள என்ன இருக்குன்னுதான் வேணும்."

"உள்ள கிராவல் மண்ணுதான் இருக்கு."

"அப்படித்தான் பதில் மனுவுல எழுதியிருக்கீங்க. ஆறு அங்குலத்துக்கு ஒரு அடுக்கா கிராவல் அடிச்சு, தண்ணி விட்டு, திமுசுக்கட்டையால இடிச்சுக் கெட்டியாக்குனோம்னு."

"இடிச்சோம். இவுக பாத்ரூம் தண்ணி கசிஞ்சு மண்ணு எறங்கிருச்சு. கரையான் மருந்து ஒரு தரமாச்சும் அடிச்சாகளா, கேளுங்க. வீட்டக் கட்டிக் குடுத்தா காலத்துக்கும் நாந்தான் தூத்துப் பெருக்கணுமா?"

"நீங்க தூத்துப் பெருக்க வேணாம் சங்கையாண்ணே" என்றாள் குல்சார். "நிக்கிற மாதிரி கட்டிக் குடுத்திருந்தாப் போதும்."

"இங்க பாரு தங்கச்சி..."

"தங்கச்சியெல்லாம் சாவி குடுத்த அன்னிக்கோட சரி."

பொன்மணி கையைக் காட்ட, அவளோடு வந்த கூலியாள் முத்துக்கருப்பன் கடப்பாரையை ஓங்கினான். மூன்று டைல்ஸ் பெயர்ந்தன. அடியில் இருந்த கான்கிரீட் இரண்டு அங்குலம்கூட இல்லை. அதையும் உடைத்ததும் கடப்பாரை முழ ஆழத்துக்குச் சும்மா இறங்கியது. முத்துக்கருப்பன் தடுமாறி முன்னால் விழப் பார்த்தான்.

"என்னம்மா இது, பொந்தால்ல இருக்கு!"

டார்ச் அடித்தார்கள். மண் இல்லை, சரளை இல்லை. கரையான் புற்றின் செம்மண் பொருக்குகளுக்கு நடுவே ஏதோ மினுங்கிக்கொண்டிருந்தது. முத்துக்கருப்பன் கையை விட்டு அள்ளி வெளியே போட்டான். காலண்டர் அட்டையின் மேல் ஒட்டும் லேமினேஷன் படலம். தாளைக் கரையான் தின்றுவிட்டது, மேல்தோலைத் தின்ன முடியவில்லை. ஒரு படலத்தில் தலைகீழாக 2020 என்ற எண் மட்டும் ஒட்டியிருந்தது.

பொன்மணி டேப்பை விட்டு ஆழம் அளந்தாள். போட்டோ எடுத்தாள். சங்கையாவின் முகத்தில் ஒரு நொடி இருட்டு விழுந்தது. மறு நொடி சிரித்துவிட்டார்.

"மேடம், இவுக வீட்டு யாவாரம் என்னன்னு கேட்டீகளா? வேஸ்ட் பேப்பரு! பேப்பர் யாவாரி வீட்டுல பேப்பர் கெடந்தா ஆச்சரியமா? வழக்குக்காகத் தரையப் பேத்து, நான் போட்ட கிராவல அள்ளிட்டு, இத உள்ள திணிச்சிருக்காக. கைதேர்ந்த ஆளுக."

"அல்லா!" என்றாள் குல்சார். "என் வீட்டுக்கு நானே கரையான் வளத்தேன்னு சொல்றீகளா?"

"நான் சொல்லல. பேப்பர் சொல்லுது."

முத்துக்கருப்பன் இன்னொரு பிடி அள்ளினான். அதோடு ஒரு பச்சை நைலான் பட்டை வந்தது, நடுவில் மூன்று முடிச்சு. குல்சார் குனிந்து அதைக் கையில் எடுத்தாள். பச்சைப் பட்டையில் மூன்று முடிச்சு போட்டுக் கட்டுவது சிவகாசியில் ஒரே ஒரு குடோனில்தான். மில்லில் லோடு மாறிப் போகாமல் இருக்க அவளே யோசனை சொல்லி வைத்த அடையாளம் அது. திரும்பிப் பார்த்தாள். ஜெகபர் அலி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படிக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நம்ம கட்டா இது?"

"மெதுவாப் பேசு."

"நம்ம கட்டான்னு கேட்டேன்."

"ரெண்டு லோடு. லேமினேஷன் ஒட்டுன அட்டன்னு மில்லுல திருப்பி விட்டுட்டாக. குடோன்ல வைக்க எடமில்ல. பார்க்குக்கு விட்ட எடம் பள்ளமாக் கெடக்கு, நெரப்பணும்னு சங்கையா கேட்டாரு. சும்மா அள்ளிட்டுப் போகச் சொன்னேன். நம்ம தலைக்கே வருமுன்னு கண்டனா?"

"ஒரு வருஷத்துக்கு மேலா நான் பெருக்கிப் பெருக்கிக் கரையான அள்ளுறேன். அப்ப சந்தேகம் வரலயா உங்களுக்கு?"

"வந்துச்சு."

"வந்துச்சா! வந்தும் வாயத் தொறக்கல!"

"சொன்னா நாமளே போட்டோம்னு ஆயிரும். அவன் இப்ப அதத்தான சொல்லுதான்? பேசாம இரு குல்சாரு. பட்டை யாருதுன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

"சங்கையாவுக்குத் தெரியும். இன்னிக்கு நம்ம மறைச்சா, நாளைக்கு விசாரணையில அவரே எடுத்து விடுவாரு. அப்ப நம்ம சொல்ற ஒண்ணும் நிக்காது. எம்புட்டு வருஷம் யாவாரம் பாக்கீக, இது தெரியலயா?"

முப்பது வருஷத்தில் இவ்வளவு சின்ன மனுஷராக அவரை அவள் பார்த்ததில்லை. கோபத்தை இங்கே செலவழிக்க வேண்டாம் என்று கூடத்துக்கு வந்தாள்.

"மேடம், எழுதிக்கிடுங்க. இந்தப் பேப்பர் எங்க குடோன் லோடு. இந்த மூணு முடிச்சு எங்க அடையாளம்."

பொன்மணி நிமிர்ந்தாள். சங்கையா துள்ளி எழுந்தார்.

"கேட்டீகளா! அவுக வாயாலயே சொல்லிட்டாக!"

அடுப்படி வாசலில் ஜெகபர் அலி தலையில் கை வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அய்யம்மாளின் தலை மறுபடியும் எழும்பியது. ஜன்னல் திறந்திருந்தது, அவள் காதுக்கு ஒன்றும் தப்பவில்லை.

"வீடு கட்டும்போது எங்க வீட்டுக்காரரு ரெண்டு லோடு உங்களுக்குக் குடுத்தாரு. பார்க் பள்ளத்துக்குன்னு வாங்கிட்டுப் போனீக. காசு கூடக் குடுக்காம."

"காசா? குப்பைக்குக் காசா? அள்ளிட்டுப் போன லாரிக்கு வாடகை நான் குடுத்தேன்."

"குடுத்திருக்க மாட்டீக. எச்சிக்கையால காக்கா வெரட்டாத ஆளு நீங்க."

"ஏம்மா, மரியாதையாப் பேசு! ரெண்டு நடை, என் கைக்காசு."

"ரெண்டு நடையும் பார்க்குல கொட்டியிருந்தா பார்க்கு ஏன் இன்னும் பள்ளமாக் கெடக்கு? மழ பேஞ்சா எருமை படுக்குது. ரெண்டு லோடையும் என் வீட்டுக்குள்ளயே கொட்டிட்டீகளா? பதினாறு வீட்டுல நான் மட்டுந்தான் உங்களுக்கு எளக்காரமா? பாய் வீடுதான, கேக்க ஆளில்லன்னு..."

இந்தச் சொல் சங்கையாவைச் சுட்டது. ஊரில் எல்லாச் சாதிக்காரனுக்கும் வீடு விற்கிறவர்.

"யாரப் பாத்து அப்படிச் சொல்லுத! சங்கையா ஆளு பாத்து ஓரவஞ்சன செஞ்சதா எவனும் சொல்ல முடியாது. உனக்கு மட்டுமா போட்டேன்? ஏழு, எட்டு, ஒம்போது, மூணு வீட்டுக்கும் ஒண்ணாத்தான் போட்டேன். அன்னிக்கி கிராவல் லாரி ஸ்ட்ரைக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

பொன்மணியின் பேனா தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதாதீங்க மேடம். கோவத்துல வாய் தவறி..."

"ரெண்டு தரப்பும் சொன்னத எழுதித்தான் ஆகணும் சார். பதில் மனுவுல கிராவல்னு இருக்கு. இப்ப மூணு வீட்டுக்கும் பேப்பர் போட்டேன்னு சொன்னீங்க. அதக் கேட்டவங்களும் இருக்காங்க. கையெழுத்துப் போடுறீங்களா?"

"போட மாட்டேன். குப்ப அவுகளுது!"

"குப்ப எங்களுது. தரை உங்களுது" என்றாள் குல்சார். "நான் குப்பைய வாங்கல சங்கையா. வீட்ட வாங்குனேன்."

பொன்மணி, 'எதிர்த்தரப்பு கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதி அடிக்கோடு இட்டாள். சங்கையா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலுக்கு நடந்தார். அங்கே அய்யம்மாள் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் செருகிய சேலையோடு.

"எட்டுன்னீகளே. எந்த எட்டு?"

"வழிய விடும்மா."

"எந்த எட்டுன்னு கேட்டேன்! காலையில கூட உங்களுக்காகச் சண்ட போட்டேனே, அந்த எட்டா?"

அவர் சுற்றிக்கொண்டு போய்க் காரில் ஏறினார். அய்யம்மாள் அந்தத் திசையில் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. சொல்லி முடித்து, மூச்சு வாங்க உள்ளே வந்து, குழியை எட்டிப் பார்த்தாள். குல்சாரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"மேடம், எங்களுக்கு இன்னும் ஒண்ணும் எறங்கலயே. நாங்க என்ன செய்ய?"

"சாவி எப்ப வாங்குனீங்க?"

"அதே வருஷந்தான். ஆனா தீபாவளிக்கு அப்பறம், போனஸ் வந்த பெறகு. நவம்பரு."

"இப்ப ஆகஸ்ட். அஞ்சு வருஷம் முடிய இன்னும் மூணு மாசந்தான் இருக்கு. இன்னைக்கே அவருக்குப் பதிவுத் தபால்ல எழுதிப் போடுங்க. ஒம்போதாம் நம்பருக்கும் சொல்லுங்க."

"எப்படி எழுதணும்னு தெரியாதே."

குல்சார் பச்சைப் பட்டையைக் கவரில் போட்டு பொன்மணியிடம் கொடுத்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, இரண்டு லோடு கொடுத்த விவரத்தை எழுதச் சொல்லி, பேனாவை அவர் முன்னால் வைத்தாள். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

"நான் எழுதுன தபால் நகல் இருக்கு" என்றாள் அய்யம்மாளிடம், சுவரைப் பார்த்தபடியே. "பேரையும் நம்பரையும் மாத்திக்கிடுங்க. ஆனா மொதல்ல இதுல சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. காதால கேட்டீகல்ல?"

அய்யம்மாள் போட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, தாள் கிழியுமோ என்று பயப்படும்படியாக.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. அம்மிக் குழவியால் தரையைத் தட்டுகிறாள். முதலில் கெட்டியான சத்தம். நகர்ந்து தட்டினாள், அதுவும் கெட்டி. மூன்றாவது இடத்தில் டொம்மென்றது.