ஸ்பேராகக் கிடக்கட்டும்

தலவாக்கலையில் டயர் கடை வைத்திருக்கும் எனக்கு, இந்தச் சோலைமலைக்கு, வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். வேண்டிய அன்றைக்கு அது மூடிக்கொண்டது.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வேன் ஓட்டும் அழகன் போன வருஷம் அலுமினியக் கலவையில் வார்த்த ஒரு அலோய் ரிம் கொண்டுவந்தான். குழியில் விழுந்து உள்விளிம்பு மட்டும் லேசாக நெளிந்திருந்தது, வெடிப்பு இல்லை. அளவாகச் சூடு காட்டி, கட்டை கொடுத்து, ஜெக்கால் கொஞ்சங் கொஞ்சமாக அமுக்கி எடுத்தேன். மெஷினில் சுற்றிப் பார்த்தேன், ஆட்டமில்லை. அதோடு எந்த நெளிவையும் நான் எடுத்துவிடுவேன் என்று நினைத்துவிட்டான்.

இந்த மழைக்கு அவன் வேனின் முன்சக்கரம் குழியில் இறங்க, மறுபடி என்னிடம் வந்தான். நெளிவு என்னவோ சின்னதுதான். ஆனால் ரிம்மைத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசி, மறுபடி துடைத்துச் சோக்குத் தூள் தூவினேன். நடுவிலிருந்து வரும் கால் ஒன்று வளையத்தோடு சேரும் இடத்தில், உள்ளே இறங்கியிருந்த மண்ணெண்ணெய் தூளில் மயிரளவுக்கு ஈரக்கோடாக எழுந்தது.

"வெடிச்சிருச்சு அழகா. இதத் தூக்கிப் போடு."

"காத்து நிக்குதேண்ணே. ஒரு வெல்டிங் வச்சு நிமித்திக் குடுங்க."

"பாரத்தத் தாங்குறதே இந்தக் கால்தான்டா. வெல்டிங் சூட்டுல சுத்தியிருக்கிற உலோகமும் பலம் போயிரும். செத்துப் போவ."

கத்தித்தான் சொன்னேன். அவனும் ஸ்பேராக இருந்த இரும்பு ரிம்மை முன்னால் போட்டுக்கொண்டான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"ஸ்பேர் இல்லாம எப்படிண்ணே போறது? புதுசு கெடைக்கிற வரைக்கும் இது சும்மா ஸ்பேராக் கெடக்கட்டும்."

எனக்கு அடுத்த வேலை காத்திருந்தது. சரி, ஓட்டப் போவதில்லையே என்று அந்த வெடித்த ரிம்மிலேயே டயரை மாட்டி, காற்றடித்து, நானே வேனில் ஏற்றிவிட்டேன்.

இருபது நாள் கழித்துச் செய்தி வந்தது. வளைவில் சக்கரம் உடைந்து வேன் தேயிலைக்குள் உருண்டிருந்தது. நடுத்துண்டு போல்ட்டோடு அப்படியே நிற்க, வளையம் டயரோடு கழன்று பள்ளத்தில் கிடந்தது. வேனில் அழகன் தனியாகத்தான் இருந்தான், அங்கேயே செத்துப் போனான். வேனின் பின்னால் அந்த இரும்பு ரிம் டயர், ஆணி குத்திக் காற்றிறங்கிக் கிடந்தது. அதற்குப் பதில் வெடித்ததை மாட்டிக்கொண்டு, ஒட்டுப் போட என்னிடம்தான் வந்துகொண்டிருந்திருக்கிறான். கால் மணி நேர வேலை.

எட்டாம் நாள் தோட்டத்து லயத்தில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சண்முகவடிவு அழவில்லை.

"போடக் கூடாதுன்னு நீங்க சொன்னதா அவரு சொன்னாருண்ணே."

"ஆமாம்மா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"அப்புறம் ஏண்ணே அதுல டயர மாட்டிக் குடுத்தீங்க?"

எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது வெடித்த ரிம் எது வந்தாலும் சொந்தக்காரன் கண்முன்னாலேயே இரண்டாக அறுத்துப் போடுகிறேன். ஏசுகிறார்கள். அறுக்கிற சத்தத்தில் அவர்கள் ஏசுவது கேட்பதில்லை, அவள் கேட்டது மட்டும் கேட்கிறது.