சாதுப் பிள்ளையின் மூச்சு

நாகூரில் அந்தத் தெருவிலேயே சாதுவான பிள்ளை யார் என்று கேட்டால் நான்கு வயது சைத்தூனைத்தான் காட்டுவார்கள். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தாய் ரஹ்மத் பீவிக்கோ ஊரே அப்படிச் சொன்னதில் தலைகால் புரியாத பெருமை.

ஒரே ஒரு குறை. சளி பிடித்தால் பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அடிக்கடி வந்துவிட்டது. முதலில் பார்த்த டாக்டர், "சளி இல்லாதப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டார். "அல்லாஹ் காவல், எந்தக் குறையும் இல்லீங்க" என்றாள் ரஹ்மத். அப்படியானால் இது வைரஸ் சளியோடு வரும் இளைப்பு, வரும்போது மட்டும் வாயில் அழுத்தி இழுக்கும் நீலப் பம்பு போதும், தினசரி மருந்து வேண்டாம், பல பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும் என்றார் அவர். கேட்ட பதிலுக்கு அது சரியான தீர்ப்புதான்.

ரியாத்தில் இருந்த அவள் கணவன் சேக் தாவூதுக்குப் போன உயிர் திரும்பியது. அவன் அக்காவுக்கு ஆஸ்துமா என்று தெரிந்ததும், அவளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் முறிந்திருந்தது. அந்தச் சொல் மகள்மீது விழக்கூடாது. ரஹ்மத்துக்கும் அதே பயம்தான்.

அடுத்த இளைப்பு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டது. தேறியபின் நாகப்பட்டினத்தில் குழந்தை மருத்துவர் சாவித்திரியிடம் பிள்ளையைக் காட்டப் புறப்பட்டாள். வழியில் சாலை மறியல். வயலில் எண்ணெய்க் குழாய் பதிக்க வந்தவர்களை எதிர்த்து விவசாயிகள் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார்கள். மற்ற பிள்ளைகள் கொடிக்கம்புகளுக்கிடையே ஓடிப்பிடித்து விளையாட, சைத்தூன் கொஞ்ச தூரம் நடந்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறியலில் இருந்த ராமாயி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "புள்ள ஏம்மா குந்திக்கிட்டே இருக்கு?"

"என் புள்ள சாதுங்க" என்றாள் ரஹ்மத்.

சாவித்திரி டாக்டர் அவசரப்படாதவர். "ராத்திரி இருமுவாளா?"

"தூக்கத்துல இருமுவா. அது வழக்கம்தாங்க."

"புகைக்கு?"

"வியாழக்கிழமை சாம்பிராணி போட்டா இருமுவா. எல்லாருக்கும் வர்றதுதானே?"

"சிரிச்சா?"

"சிரிச்சா இருமல் வந்துடும். அதனால சிரிக்க வைக்கிறதில்லைங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது ரஹ்மத்தின் காதிலேயே விழுந்தது. பெற்ற பிள்ளையைச் சிரிக்க வைக்காத தாய்!

டாக்டர் திட்டவில்லை. சோப்புக் குமிழி ஊதி வராந்தாவில் பறக்கவிட்டார். சைத்தூன் பார்த்தாள், தயங்கினாள், பிறகு துரத்தினாள். திரும்பி வந்தபோது விலா உள்ளே குழிந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி ரஹ்மத்தின் காதில் மாட்டினார். உள்ளே மெல்லிய சீழ்க்கை. இத்தனை சின்ன நெஞ்சுக்குள் இவ்வளவு போராட்டமா!

முகமூடி வைத்த ஸ்பேசர் குழாயில் நீலப் பம்பை அழுத்தினார்கள். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்கச் சொன்னார் டாக்டர். சீழ்க்கையைக் காணோம். காற்று மட்டும் போய் வந்தது, வயலில் தண்ணீர் பாய்வதுபோலச் சத்தமில்லாமல். சுப்ஹானல்லாஹ் என்று அவள் வாய் தானாகச் சொன்னது. படைத்தவனின் வேலையை இவ்வளவு கிட்டத்தில் அவள் கேட்டதே இல்லை.

"அப்ப ஆஸ்துமாவாங்க?"

"இந்த வயசுல ஒரே நாள்ல பேர் வைக்க முடியாதும்மா. சளிக்கு மட்டும் வந்தா தினசரி மருந்து தரமாட்டேன். இவளுக்குச் சளி இல்லாதப்பவும் வருது, அத்தைக்கும் இருக்குங்கிறீங்க, ஒரு தடவை ஆஸ்பத்திரியில படுத்தே எழுந்திருக்கா. அதனால குறைஞ்ச அளவு தடுப்புப் பம்பு, காலையும் சாயந்தரமும், மூணு மாசம். அப்புறம் நிறுத்திப் பார்ப்போம். நிறுத்தினதும் திரும்பி வந்தா ஆஸ்துமான்னு நினைக்கணும். வரலைன்னா சந்தோஷம். மருந்து போட்டதும் வாயக் கொப்பளிக்க வைங்க, முகத்தத் துடைங்க. சாம்பிராணி வீட்டுக்குள்ள வேணாம். நீலப் பம்பு கையிலயே இருக்கட்டும்."

சில வாரங்கள் கழிந்தன. தர்கா முற்றத்தில் புறாக்கள் தானியம் கொத்திக்கொண்டிருந்தன. ரஹ்மத்தின் கையை உதறிவிட்டு சைத்தூன் அவற்றுக்குள் பாய்ந்தாள். புறாக்கள் மொத்தமாக எழும்பின. நடுவில் நின்று அண்ணாந்து சிரித்தாள், உரக்க, வயிறு குலுங்க. இருமல் வரும் என்று தாய் காத்திருந்தாள். வரவில்லை. கூப்பிடக் கூப்பிடக் கேளாமல் அடுத்த கூட்டத்தை நோக்கி ஓட்டம். துரத்திப் பிடித்தபோது மூச்சு வாங்கியது ரஹ்மத்துக்குத்தான்.

இந்தப் பிள்ளையையா தான் இத்தனை நாள் வளர்த்தோம் என்று பிரமித்து நின்றாள்.

அன்று போனில் சேக் தாவூது தாழ்ந்த குரலில் கேட்டான். "சளியா, ஆஸ்துமாவா? என்ன சொல்றாங்க?"

"மருந்த நிறுத்தினப்புறம் தெரியுமாம். எதுவா இருந்தாலும் இருக்கட்டும், எனக்குப் பயம் இல்ல" என்றாள். "உங்ககிட்ட வேற ஒண்ணு சொல்லணும். நம்ம புள்ள சாது இல்லீங்க. சரியான வாலு!"

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.